துபாயில் இருக்கும் அண்ணன் தங்கைக்குத் தரும் பவர்: காங்கேயம் தோட்டத்தை விற்க இந்த வரைவு போதுமா?

செம்மண்_தோட்டம்:
வணக்கங்க. காங்கேயம் தாலூக்காவில் 2 ஏக்கர் 40 சென்ட் புஞ்சை. 1987-ல் அப்பா கிரயம் வாங்கியது. அப்பா தவறி மூன்று வருசம் ஆச்சு, உயில் எதுவும் எழுதலை. வாரிசு சான்று வாங்கிக் கூட்டுப் பட்டாவும் மாற்றியாச்சு. பக்கத்துத் தோட்டத்துக்காரரே வாங்கிக்கிறார், விலையும் பேசி முடிந்தது.

அண்ணன் துபாயில் வேலை பார்க்கிறார், இந்தியப் பாஸ்போர்ட்தான். லீவு கிடைக்காததால் எனக்குப் பவர் கொடுக்கிறார். அடுத்த வாரம் அங்கே இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்துப் போட அப்பாயின்ட்மென்ட். நெட்டில் கிடைத்த ஒரு மாதிரியைப் பார்த்து இப்படி எழுதி வைத்திருக்கிறார்:

"திருப்பூர் மாவட்டம், காங்கேயம் தாலூக்கா, க.ச. 312/2-ல் எனக்குப் பாத்தியமான 1 ஏக்கர் 20 சென்ட் பூமியைப் பராமரிக்கவும், நிர்வகிக்கவும், அது தொடர்பான எல்லாக் காரியங்களையும் என் சார்பில் செய்யவும் என் தங்கையை ஏஜென்டாக நியமிக்கிறேன்."

இது போதுமாங்க? இங்கே வந்த பிறகு என்ன செய்யணும்?

ஊத்துக்குளி_ரோடு:
வெள்ளைப் பேப்பரில் எழுதினால் செல்லாதுங்க. இங்கே முத்திரைத்தாள் வாங்கி அண்ணனுக்குக் கூரியரில் அனுப்புங்க, அதில் பிரின்ட் போட்டுக் கையெழுத்து வாங்கணும். திரும்பி வந்ததும் நாலு மாசத்துக்குள் காங்கேயம் சார்பதிவாளரிடம் அந்தப் பவரைப் பதிவு செய்யணும். பதியாத பவரை வைத்து யாரும் கிரயம் பண்ண முடியாது.

விலை 50 லட்சத்துக்குக் கீழே என்றால் வரிப் பிடித்தமும் கிடையாது.

பத்திர_மை:
அம்மணி, அப்பாயின்ட்மென்ட் அடுத்த வாரம் என்பது நல்லதாப் போச்சு. இந்த வரைவில் கையெழுத்துப் போட்டிருந்தால் திரும்ப முதலில் இருந்து ஆரம்பிக்கணும்.

முதல் குறை, இதில் 'விற்க' என்ற சொல்லே இல்லை. பவரில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் ஏஜென்ட் செய்யலாம். 'எல்லாக் காரியங்களையும்' என்று பொதுவாக எழுதினால் விற்பனையும் அதில் அடங்கும் என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நிர்வகிக்கக் கொடுத்த பவர் குத்தகைக்கு விடவும் வரி கட்டவும் உதவும், கிரயத்துக்கு உதவாது. சார்பதிவாளர் வரிவரியாகப் படித்துப் பார்த்துத் திருப்பி அனுப்புவார்.

விற்பனைக்கு வேண்டியதைத் தனித்தனியாகச் சொல்லியே ஆகணும். கிரய ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திட, அட்வான்ஸும் கிரயத் தொகையும் பெற்று ரசீது கொடுக்க, கிரயப் பத்திரம் எழுதிக் கையெழுத்திட, சார்பதிவாளர் முன் ஆஜராகி எழுதிக் கொடுத்ததை ஒப்புக்கொள்ள, சுவாதீனம் ஒப்படைக்க, அசல் பத்திரங்களைக் கொடுக்க, பட்டாவும் மின் இணைப்பும் பெயர் மாற சம்மதம் கொடுக்க. இதில் 'ஆஜராகி ஒப்புக்கொள்ள' என்பது விட்டுப் போவதுதான் அதிகம். கையெழுத்துப் போட அதிகாரம் இருந்தும் பதிவுக்குத் தாக்கல் செய்ய அதிகாரம் இல்லாமல் போய்விடும்.

முத்திரைத்தாள் கூரியரில் அனுப்ப வேண்டியதில்லை. வெளிநாட்டில் எழுதிய ஆவணம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாளில் இருந்து 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டலாம் என்று இந்திய முத்திரைச் சட்டம் 18-ஆம் பிரிவே சொல்கிறது. நல்ல கனமான வெள்ளை ஏ4 தாள், ஒரு பக்கம் மட்டும் பிரின்ட், கடைசித் தாளில் முத்திரை குத்த இடம். அது போதும்.

ஊத்துக்குளி_ரோடு:
அப்போ நாலு மாசம்னு சொல்றது?

பத்திர_மை:
அது பதிவுக்கான கெடுங்க. வெளிநாட்டில் எழுதிய ஆவணத்தைப் பதிவு செய்வதானால், இந்தியா வந்து நாலு மாதத்துக்குள் தாக்கல் செய்யணும். நான் சொன்ன 3 மாதம் முத்திரைத் தீர்வைக்கு. ரெண்டும் வேற வேற சட்டம்.

பவரைப் பதிந்தே ஆகணும் என்பது இங்கே, தமிழ்நாட்டுக்குள் எழுதுகிற பவருக்குச் சரி. 2012 டிசம்பர் முதல் சொத்து சம்பந்தமான பவருக்குப் பதிவு கட்டாயம். ஆனால் அந்தத் திருத்தத்திலேயே வெளிநாட்டில் எழுதியதை விலக்கி வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டில் குடியிருப்பவர் இந்தியத் தூதரக அதிகாரி முன்னிலையிலோ நோட்டரி முன்னிலையிலோ கையெழுத்திட்டு அவர் அத்தாட்சி செய்தால், அந்தப் பவரோடு ஏஜென்ட் ஆஜராகலாம். பதிவுச் சட்டம் 33-ஆம் பிரிவு.

ஆக உங்கள் வேலை, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் தீர்வை நிர்ணயம் வாங்குவது. எல்லோரும் 'அட்ஜுடிகேஷன்' என்றுதான் சொல்வார்கள். அசல் பவர், நகல், உங்கள் அடையாளச் சான்று, ஒரு மனு. தீர்வையைக் கட்டியதும் பவரின் பின்பக்கத்தில் எண், தேதி போட்டு மேலெழுத்து எழுதித் தருவார்கள். அந்த எண்ணைக் கிரயப் பத்திரத்தின் முன்னுரையில் குறிப்பிடணும்.

அண்ணன் அனுப்புகிற கூரியர் கவரைக் கிழித்துப் போட்டுவிடாதீங்க. 3 மாதம் எண்ணுவது கையெழுத்திட்ட தேதியில் இருந்து இல்லை, இந்தியா வந்த தேதியில் இருந்து. அதற்கு அந்தக் கவர்தான் சாட்சி. யாராவது கையில் கொண்டு வந்தால் அவர் பாஸ்போர்ட்டில் வருகை முத்திரை உள்ள பக்கத்தை நகல் எடுத்து வைங்க.

ரியாத்_கொங்கு:
எனக்கும் இதே சிக்கல்தான். நான் சவுதியில் இருக்கிறேன், மனைவிக்குப் பவர் கொடுத்து பல்லடத்தில் இடம் வாங்கச் சொன்னேன். தூதரகத்தில் உடனே முடிந்தது, பிரச்சனையே இல்லை. நீங்களும் அப்படியே செய்யுங்க.

பத்திர_மை:
உங்களது வாங்குவதற்கான பவருங்க. வாங்குகிறவர் இழக்க ஒன்றுமில்லை, அதனால் யாரும் துருவிப் பார்ப்பதில்லை. விற்பதென்றால் எதிரே இருக்கிற வாங்குபவரின் வக்கீல் ஒவ்வொரு வரியையும் பார்ப்பார். ரெண்டையும் ஒன்றாக எடுத்துக்க முடியாது.

நொய்யல்_வக்கீல்:
எல்லோரும் தாண்டிப் போன ஒன்றைக் கேட்கிறேன். அம்மா இருக்கிறாரா?

செம்மண்_தோட்டம்:
இருக்காங்க, என்கூடத்தான். பட்டாவில் அம்மா பேரும் இருக்கு. ஆனால் அம்மா "எனக்கு எதுவும் வேண்டாம், நீங்க ரெண்டு பேரும் பிரிச்சுக்குங்க"னு சொல்லிட்டாங்க. அதனால்தான் பாதிப் பாதின்னு 1.20 போட்டோம்.

நொய்யல்_வக்கீல்:
அங்கேதான் அளவே தப்பாகிறது. சொத்து அப்பாவின் சுயார்ஜிதம், உயில் இல்லை. அப்படியானால் அம்மா, அண்ணன், நீங்கள் மூவருக்கும் சம பங்கு. 2.40-ல் அண்ணனுக்கு வருவது 80 சென்ட். அம்மா வாயால் வேண்டாம் என்று சொன்னால் பங்கு மாறாது. பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும், அல்லது கிரயத்தில் அம்மாவே ஒரு கையெழுத்துப் போட வேண்டும். விற்கத்தானே போகிறீர்கள், அம்மாவையும் விற்பவராகச் சேர்ப்பதே சுலபம். செலவும் மிச்சம்.

பவரில் 1 ஏக்கர் 20 சென்ட் என்று இருந்தால் அண்ணன் தன்னிடம் இல்லாத 40 சென்ட்டையும் விற்க அதிகாரம் கொடுத்ததாக ஆகும். சரி, 80 சென்ட் என்று எழுதினாலும் சிக்கல்தான். எந்த 80 சென்ட், வடபக்கமா தென்பக்கமா என்று கேள்வி வரும். பாகமே பிரியவில்லையே. மொத்த 2.40-க்கும் எல்லை எழுதி, 'இதில் எனக்குப் பாத்தியப்பட்ட பிரிபடாத பொதுவில் 3-ல் 1 பாகம்' என்று முடியுங்கள்.

செம்மண்_தோட்டம்:
ஐயோ, இது தெரியாமல் இருந்தோம். ரொம்ப நன்றிங்க. அம்மா வந்து கையெழுத்துப் போடுவாங்க, அதில் சிக்கல் இல்லை. நானும் ஒரு பங்குதாரர், அண்ணனுக்கு ஏஜென்டும் நானே. இது பரவாயில்லையா?

நொய்யல்_வக்கீல்:
தாராளமாகச் செய்யலாம். ஆனால் கிரயப் பத்திரத்தில் உங்கள் கையெழுத்து ஒவ்வொரு பக்கத்திலும் ரெண்டு முறை வர வேண்டும். ஒன்று உங்களுக்காக, இன்னொன்று அண்ணனுக்காக அவருடைய ஏஜென்ட் என்ற முறையில். முன்னுரையிலும் விற்பவர் மூவர். மூன்றாமவராக அண்ணன் பெயர், முகவரி, 'அவருக்காக அவருடைய பொது அதிகார முகவர்' என்று உங்கள் பெயர். ஒரு கையெழுத்தோடு விட்டால், அது எந்த ஸ்தானத்தில் போட்டது என்று பிற்பாடு வாதம் வரும்.

பத்திர_மை:
வக்கீல் சொன்னது ரொம்ப முக்கியம். இன்னொன்றும் பார்க்கணும். அந்தத் தோட்டத்துக்குத் தண்ணி எங்கிருந்துங்க?

செம்மண்_தோட்டம்:
கிணறு சித்தப்பா காட்டில் இருக்குங்க, 312/1-ல். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பாதிப் பாதி. எங்களுக்குத் தனி மோட்டார், தனி சர்வீஸ். வண்டித்தடமும் சித்தப்பா காட்டோரமாத்தான் வருது.

பத்திர_மை:
அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். நம்ம பக்கம் பாதித் தோட்டங்களுக்குக் கிணறு வேறொரு காலையில், அதாவது வேறொரு சர்வே எண்ணுள்ள காட்டில்தான் கிடக்கும். உங்கள் வரைவில் 312/2 மட்டும் இருக்கு. அண்ணனுக்குக் கிணற்றில் உள்ள பங்கு 312/1-ல் இருக்கிறது. அதை விற்க உங்களுக்கு அதிகாரமே வராது. பூமி கைமாறிவிடும், தண்ணியில் அண்ணன் பங்கு மட்டும் அவரிடமே தொங்கும். வாங்குகிறவர் பக்கத்துத் தோட்டத்துக்காரர், இதை உடனே பிடித்துவிடுவார்.

கணக்கு இப்படி வரும். கிணற்றில் அப்பாவுக்கு 2-ல் 1. அதில் அண்ணனுக்கு 3-ல் 1. ஆக மொத்தக் கிணற்றில் 6-ல் 1. '312/1 நெ. காலையில் உள்ள கிணற்றிலும், அதன் தண்ணீர் இறைக்கும் பாத்தியத்திலும் பொதுவில் 6-ல் 1 பாகம்' என்று தனி ஐட்டமாகப் போடுங்க. மோட்டாரும் பம்புசெட்டும் உங்கள் குடும்பத்துடையது மட்டும் என்பதால் அதிலும் மின் இணைப்பிலும் 3-ல் 1. வண்டித்தடம் எந்தச் சர்வே எண் வழியாக வருகிறதோ அதையும், 1987 பத்திரத்தில் எத்தனை அடி அகலம் என்று எழுதியிருக்கிறதோ அதையும் அப்படியே எடுத்து எழுதுங்க.

அந்த 1987 பத்திரத்தை எடுத்துப் பாருங்க, மாவட்டம் 'பெரியார் மாவட்டம்' என்றிருக்கும். 1979-ல் கோவையில் இருந்து பிரிந்தது, 1996-ல் ஈரோடு மாவட்டம் என்று பெயர் மாறியது. காங்கேயம் தாலூக்கா 2009-ல் திருப்பூர் மாவட்டத்துக்கு வந்தது. பவரில் 'திருப்பூர் மாவட்டம்' மட்டும் இருந்து தாய்ப் பத்திரத்தில் வேறு இருந்தால், வெளியூர் வக்கீல் அதற்கும் விளக்கம் கேட்பார். 'முன்பு பெரியார் மாவட்டம், பிறகு ஈரோடு மாவட்டம், தற்போது திருப்பூர் மாவட்டம்' என்று ஒரே வரியில் முடித்துவிடுங்க.

அமராவதிக்கரை:
வரி பற்றி ஊத்துக்குளி நண்பர் சொன்னதைத் திருத்த வேண்டும். 50 லட்சம் என்ற வரம்பும் 1 சதவீதமும், விற்பவர் இந்தியாவில் குடியிருப்பவராக இருந்தால்தான். அண்ணன் வெளிநாட்டுவாசி என்பதால் அவர் பங்குக்கு எந்த வரம்பும் இல்லை. வாங்குபவர்தான் பிடித்துக் கட்ட வேண்டும். நீண்ட கால ஆதாயத்துக்கு 2024 ஜூலை 23 முதல் 12.5 சதவீதம், அதன்மேல் செஸ். பவர் ஏஜென்ட் உள்ளூர்க்காரர் என்பதால் இது மாறாது. வரிக்கு விற்பவர் அண்ணன்தான்.

உங்களுக்குச் சாதகமான ஒரு விஷயமும் உண்டு. கிராமப்புற விவசாய பூமி வருமான வரிச் சட்டப்படி மூலதனச் சொத்தே இல்லை, அதனால் ஆதாய வரி வராது. மக்கள்தொகை 10,000-க்கு மேல் 1 லட்சம் வரை உள்ள ஊரென்றால், அதன் எல்லையில் இருந்து 2 கிலோமீட்டருக்கு அப்பால் பூமி இருக்க வேண்டும். ரோடு தூரம் இல்லை, நேர்க்கோட்டுத் தூரம். காங்கேயம் நகராட்சியை மட்டும் அளந்தால் போதாது, வெள்ளகோவில் நகராட்சியையும், 10,000 பேரைத் தாண்டிய பேரூராட்சி பக்கத்தில் இருந்தால் அதையும் பார்க்க வேண்டும்.

செம்மண்_தோட்டம்:
காங்கேயம் எல்லையிலிருந்தே 7 கிலோமீட்டர் இருக்குங்க. மத்ததெல்லாம் இன்னும் தூரம். அப்ப பிடிக்கத் தேவையில்லைதானே?

அமராவதிக்கரை:
சட்டப்படி உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் பிடிக்காமல் விட்டுப் பிறகு தவறு என்று வந்தால் கட்ட வேண்டியவர் வாங்குபவர். அதனால் அவர் பயப்படுவது இயல்பு. தூரத்துக்கும் சாகுபடிக்கும் தாசில்தார் அலுவலகச் சான்றும் அடங்கலும் வாங்கி, அண்ணன் பெயரில் பிடித்தம் வேண்டாம் என்று வருமான வரித் துறையிடம் சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். அது வந்துவிட்டால் வாங்குபவர் வாயைத் திறக்க மாட்டார். கிரயத் தேதிக்கு முன்பே கையில் இருக்க வேண்டும், அவகாசம் வைத்துக்கொள்ளுங்கள். இதைத் தாக்கல் செய்யவும் ஆடிட்டரை நியமிக்கவும் பவரில் ஒரு வரி சேர்ப்பது நல்லது.

பணம் அண்ணனின் என்.ஆர்.ஓ. கணக்குக்கு நேராகப் போகட்டும். 'என் பங்குத் தொகையை என் பெயரிலுள்ள என்.ஆர்.ஓ. கணக்கில் மட்டும் பெற' என்று பவரிலேயே எழுதலாம். தங்கை கணக்குக்கு வந்து அங்கிருந்து அண்ணனுக்குப் போனால், பின்னால் துபாய்க்கு எடுத்துச் செல்லும்போது வங்கி ஒவ்வொன்றுக்கும் விளக்கம் கேட்கும்.

ரியாத்_கொங்கு:
அமெரிக்காவில் இருக்கிற மச்சான் அப்போஸ்டில் போட்டால் போதும்னு சொன்னார். துபாய்க்கும் அதே செய்யலாமே, தூதரகத்தில் வரிசையில் நிற்க வேண்டாம்.

நொய்யல்_வக்கீல்:
அமெரிக்கா அப்போஸ்டில் முத்திரைக்கான ஹேக் ஒப்பந்தத்தில் உள்ள நாடு, அங்கே நோட்டரி முன் கையெழுத்திட்டு அப்போஸ்டில் வாங்கினால் நடக்கும். ஐக்கிய அரபு அமீரகம் அந்த ஒப்பந்தத்தில் இல்லை. அதனால் துபாயில் துணைத் தூதரகமே நேர்வழி.

ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். தூதரக முத்திரை, கையெழுத்து இன்னாருடையதுதான் என்பதற்கு மட்டுமே. உள்ளே எழுதியது சரியா என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. 1.20 என்று எழுதியிருந்தாலும் முத்திரை விழுந்திருக்கும். கையெழுத்தை வீட்டிலேயே போட்டு எடுத்துச் செல்ல வேண்டாம், அதிகாரி முன்னால் போட வேண்டும். ஷெட்யூல் உட்பட ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து. முடிந்தால் ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரையும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். கடைசிப் பக்கத்தில் மட்டும் முத்திரை இருந்தால் நடுத்தாளை மாற்றிவிட்டார்களோ என்ற சந்தேகத்துக்கு இடம் கிடைக்கும். சாட்சிகள் நேரில் வர வேண்டுமா, என்ன அடையாளம் வேண்டும் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

பெயரையும் பாருங்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் சேர்ந்திருக்கும், பட்டாவில் இனிஷியலோடு இருக்கும். 'என்கிற' போட்டு ரெண்டையும் எழுதுங்கள்.

பத்திர_மை:
உயிர்வாழ் சான்றை யாரும் சொல்லலையே. பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பவரும் அன்றோடு போச்சு. அதனால் கிரயம் பதியும்போது, பவர் எழுதி 30 நாள் தாண்டியிருந்தால், அண்ணன் உயிரோடு இருக்கிறார் என்று 30 நாளுக்குள் வாங்கிய சான்று கேட்பார்கள். உங்களுக்குக் கண்டிப்பாகத் தாண்டும். கூரியர், அட்ஜுடிகேஷன், வரிச் சான்று எல்லாம் இருக்கே. கிரயத் தேதி முடிவான பிறகு வாங்கச் சொல்லுங்க. இப்போதே பவரோடு சேர்த்து வாங்கினால் கிரயத்துக்குள் காலாவதி ஆயிடும்.

ஊத்துக்குளி_ரோடு:
வாட்ஸ்அப்பில் அனுப்பினதை பிரின்ட் எடுத்துக் கொடுத்தாலே வாங்கிக்கிறாங்களே.

பத்திர_மை:
சில இடத்தில் வாங்குவார்கள், சில இடத்தில் அசல் கேட்பார்கள். அசலையே கூரியரில் வரவழைப்பதுதான் என் யோசனை.

நொய்யல்_வக்கீல்:
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 30 நாளில் பாதி கூரியரில் போய்விட்டால் என்ன செய்வது? ஸ்கேனை முதலில் சார்பதிவாளரிடம் காட்டி, போதுமா என்று கேட்டுவிட்டு, வேண்டும் என்றால் மட்டும் அசல்.

செம்மண்_தோட்டம்:
அண்ணனிடம் பேசிட்டேன், வரைவு முழுக்க மாத்திட்டோம். ஷெட்யூலைப் பத்திரத்தைப் பார்த்து எழுதினேன், சரியான்னு பாருங்க:

"முன்பு பெரியார் மாவட்டம், பிறகு ஈரோடு மாவட்டம், தற்போது திருப்பூர் மாவட்டம், காங்கேயம் தாலூக்கா, க.ச. 312/2 நெ. காலை புஞ்சை ஏக்கர் 2.40. எல்லைகள்: வடக்கு: இட்டேரி. தெற்கு: 312/1 நெ. காலை. கிழக்கு: 313 நெ. காலை. மேற்கு: 310 நெ. காலை. இதில் எனக்குப் பாத்தியப்பட்ட பிரிபடாத பொதுவில் 3-ல் 1 பாகம். மேலும் 312/1 நெ. காலையிலுள்ள கிணற்றில் பொதுவில் 6-ல் 1 பாகம்."

பத்திர_மை:
ரொம்பத் திருத்தமா வந்திருக்கு அம்மணி. எல்லையை மட்டும் இன்னொரு தடவை பாருங்க. பத்திரத்தில் 'வடக்கு: இட்டேரி' என்றா இருக்கு, 'இட்டேரிக்கு வடக்கு' என்றா?

செம்மண்_தோட்டம்:
'இட்டேரிக்கு வடக்கு, 312/1 நெ. காலைக்குத் தெற்கு'ன்னு இருக்குங்க. சுருக்கமா இருக்கட்டும்னு மாத்தி எழுதினேன்.

பத்திர_மை:
இட்டேரிக்கு வடக்கே உங்கள் பூமி என்றால் இட்டேரி உங்களுக்குத் தென்புறம். நீங்கள் எழுதியதில் அது வடபுறம் போய்விட்டது. கிழக்கும் மேற்கும் அப்படித்தான் புரண்டிருக்கும். காட்டில் நின்று பார்த்துச் சரி பார்த்துக்குங்க. பிறகு பத்திரத்தில் இருக்கிற வாசகத்தையே ஒரு சொல் மாற்றாமல் எழுதி அண்ணனுக்கு அனுப்புங்க. கிணற்றுக்குப் பக்கத்தில் மோட்டார், சர்வீஸ் எண், வண்டித்தடம் மூன்றும் இன்னும் சேரலை.

செம்மண்_தோட்டம்:
நாளைக்குக் காலையில் அம்மாவைக் கூட்டிட்டுக் காட்டுக்குப் போறேங்க. சர்வீஸ் எண்ணை மோட்டார் ரூமில் பார்த்துட்டு வந்து எழுதறேன்.